கடைசி பெஞ்சைப் பார்த்தேன்

காலமெல்லாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டுப் பழகியவனை, தன் பெயரை எப்போது கூப்பிடுவார்கள் என்று ராமநாதபுரம் கோர்ட் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற சாட்சிகள் சொல்வது காதில் விழக் கூடாதாம். என் முறை வரும்வரை வெளியேதான் இருக்க வேண்டும். டவாலி வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் மும்முறை கத்தும்போது, எனக்குள் "உள்ளேன் ஐயா" என்று வகுப்பே பதில் சொன்னது. அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறேன்!

மாரியூர்க் கரையில் படகு நிறுத்துவதில் தகராறு. ஒருவரைப் பின்னாலிருந்து துடுப்பால் அடித்ததில் கை முறிந்தது. இனி அவரால் வலை இழுக்க முடியாது. அடித்தவனை அவர் பார்க்கவில்லை. காலை நடைக்குப் போன நான் பார்த்தேன். அடித்தது தம்பி, நான்தான் அடித்தேன் என்று ஸ்டேஷனில் போய் நின்றது அவன் அண்ணன். இருவரும் என்னிடம் படித்தவர்கள்.

கோர்ட் காவலர் வந்து போலீஸ் எழுதிய என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். அடித்தது அண்ணன் என்றிருந்தது.

"நான் தம்பின்னுல்ல சொன்னேன்! நான் கையெழுத்தே போடலையே."

"போலீஸ் விசாரணையில சாட்சிட்ட கையெழுத்து வாங்குறதில்ல சார். இப்ப மாத்திச் சொன்னா உங்களைப் பிறழ் சாட்சின்னுருவாங்க."

பிறகு அண்ணன்காரன் பக்கத்தில் வந்து நின்றான். "சார், முகம் சரியாத் தெரியலைன்னு மட்டும் சொல்லிருங்க. எனக்கும் விடுதலையாயிரும், தம்பியும் தப்பிச்சிருவான். அவனுக்கு இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு."

ஒரு வருஷம் பெயிலாகித் தம்பியோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவன் இவன். ஜன்னல் உடைந்தாலும் மை கொட்டினாலும் முதலில் எழுந்து நிற்பான். "நீ இல்லடா, உக்காரு" என்பேன். பிறகு பேசாமல் கடைசி பெஞ்சைப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் தம்பி தானாக எழுந்துவிடுவான். இவனுக்கு நான் பதில் சொல்வதற்குள் என் பெயர் மூன்று முறை கேட்டது.

கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்தேன். பார்த்ததைக் கேட்டபின் அரசு வழக்கறிஞர், "அடிச்ச ஆள் இங்க இருக்காரா?" என்றார். எதிர்க் கூண்டில் அண்ணன் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, நீ இல்ல. உக்காரு!"

"இது வகுப்பறை இல்ல சார். என்னைப் பார்த்துச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"இவன் அடிக்கலைங்க."

அரசு வழக்கறிஞர் என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். கிடைத்தது. அவருடைய சாட்சியான என்னையே எதிராளியைப் போல மடக்கினார். போலீசிடம் இப்படித்தானே சொன்னீர்கள் என்றார், இல்லை என்றேன். மாணவன் மேல் பாசத்தில் பொய் சொல்கிறீர்கள் என்றார். பாசம் உண்டு, பொய் இல்லை என்றேன்.

"அப்ப அடிச்சது யாரு?"

பெயர் நாக்கு நுனியில் இருந்தது. பழக்க தோஷம், பேசாமல் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். கை முறிந்தவருக்கு இரண்டு ஆள் தள்ளித் தம்பி உட்கார்ந்திருந்தான். அண்ணன் அவனைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினான்.

தம்பி எழுந்து நின்றான்.

"அவன்தாங்க" என்றேன். தட்டச்சர் அதை அடித்தார். என் கண் நிறைந்துவிட்டது.