வலிக்காத பக்கம் முதலில்

டாக்டர் ஜாய்ஸுக்கு ஒரு பழக்கம். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டுக்கொள்வார். ஸ்கேன் கருவியை மறுபக்கம் கொண்டுபோய் வைப்பார். வில்லியனூர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? “வலிக்குது இந்தாண்ட, டாக்டரம்மா அந்தாண்ட பாக்குது” என்று வெளியே போய்ச் சொல்வார்கள். அது அவர் காதுக்கும் வந்து சேரும். சிரித்துக்கொள்வாரே தவிர, பழக்கத்தை விடமாட்டார்.

கரும்பு போட்ட அமிர்தசாமியின் மகள். படிப்பை முடித்தவுடன் சென்னையில் வேலை கிடைத்தது. அதை வேண்டாம் என்றுவிட்டு, சொந்த ஊர்ப் பக்கத்து நர்சிங் ஹோமின் கீழ்த்தளத்து ஸ்கேன் அறைக்கு வந்தவர் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். “பகல் பூரா இருட்டு ரூம்ல குந்திக்கினு சந்தோஷமா இருக்கிற ஆளு நீ ஒருத்திதான்” என்பார் கணவர் லியோ பிரகாஷ். உண்மைதான். ஜாய்ஸுக்கு அந்த இருட்டு பிடிக்கும்.

அடிவயிற்று ஸ்கேன் என்றால் தண்ணீர் குடித்து, மூத்திரப்பை நிறைந்த பிறகுதான் உள்ளே வரவேண்டும். அப்போதுதான் பின்னால் இருப்பது தெளிவாகத் தெரியும். இந்தச் சட்டம் சுற்றுவட்டாரத்துக்கே மனப்பாடம். காட்டேரிக்குப்பத்துத் தையலம்மாளுக்கு இன்னும் நன்றாகவே மனப்பாடம். நடவு வேலைக்குப் போகிறவர். மகள் வெண்ணிலாவுக்குக் காலையில் திடீரென்று வயிற்று வலி வந்ததும், சூடு என்று நினைத்துத் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவினார். பெண் சுருண்டு விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார். எப்படியும் ஸ்கேன்தான் எடுப்பார்கள் என்று வழியெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தார். வாந்தி எடுத்தாலும் விடவில்லை, மறுபடி கொடுத்தார்.

மாடியில் இருக்கும் மகப்பேறு டாக்டர் இளவரசி பரிசோதித்து, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்கேனுக்குக் கீழே அனுப்பினார். ஸ்ட்ரெச்சரில் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தாள் பெண்.

“கல்யாணம் ஆவாத பொண்ணும்மா” என்று தையலம்மாள் தயங்கினார்.

“பயப்படாதீங்க. வயித்து மேலயே வச்சிப் பாக்குறேன். எந்தப் பக்கம்மா வலி?”

“வலது” என்றாள் வெண்ணிலா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜாய்ஸ் இடது பக்கம் வைத்தார். சினைப்பை சிறியதாக, ஒழுங்காக இருந்தது. டாப்ளரைப் போட்டதும் சிவப்பும் நீலமுமாக ரத்த ஓட்டம் மின்னியது. பிறகு வலது பக்கம். அந்தச் சினைப்பை மூன்று மடங்கு வீங்கியிருந்தது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன நீர்ப்பைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தன. டாப்ளரில் ஒரு புள்ளி நிறம்கூட இல்லை. மெதுவாக ஓடும் ரத்தமும் தெரியும்படி அளவைக் குறைத்துப் பார்த்தார். அப்போதும் இல்லை. அதே அளவில் இடது பக்கம் திரும்பினார். அங்கே நிறம் மின்னியது. கருவியில் கோளாறு இல்லை. சினைப்பையின் காம்பைத் தேடினார். பிழிந்த ஈரத்துணி போல முறுக்கிக் கிடந்தது.

மாடிக்குப் போன் போட்டார். “இளவரசி, வலது ஓவரி திருகிக்கிச்சி. ரத்தம் போவல. உடனே தியேட்டர்.”

சிக்கல் மாடியில் காத்திருந்தது. பெண் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறாள், மயக்க மருந்து கொடுக்கும்போது புரையேறும், சில மணி நேரம் காத்திருக்கலாம் என்றார் மயக்க டாக்டர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செய்தி கீழே வந்ததும் தையலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “நாந்தாம்மா குடுத்தேன். என் கையாலயே கெடுத்துட்டனே.”

ஜாய்ஸ் இரண்டு பக்கத்துப் படங்களோடும் தானே மாடியேறினார். மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. “வயித்துத் தண்ணிக்கு நீங்க ஒரு வழி பண்ணலாம் சார். ஓவரி செத்துப் போச்சின்னா நம்ம யாராலயும் வழி பண்ண முடியாது. இடது பக்கம் ஓட்டம் இருக்கு, வலது பக்கம் சுத்தமா இல்ல. நீங்களே பாருங்க.”

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் மயக்க டாக்டர். பிறகு குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்துவிட்டு, புரையேறாமல் இருக்க வேண்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டு மயக்கம் கொடுத்தார்.

ஜாய்ஸ் கீழே வந்து தையலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். “அழாதீங்க. அந்தத் தண்ணியாலதான் எனக்கு அவ்ளோ தெளிவாத் தெரிஞ்சிது. ஆனா அடுத்த தபா இவ்ளோ வலின்னா, எதுவும் குடுக்காம நேரா கூட்டியாந்துடுங்க.” சொன்னவர் மனசு மட்டும் மாடியிலேயே இருந்தது.

மதியம் இளவரசியின் போன் வந்தது. “ரெண்டு சுத்து சுத்தி, கருநீலமா இருந்துது ஜாய்ஸ். பிரிச்சி விட்டுட்டு வெயிட் பண்ணோம். கொஞ்சம் கொஞ்சமா நிறம் திரும்பிச்சி. ஓவரிய எடுக்கல, உள்ளயே வச்சிட்டேன்.” ஒரு டீயோடு நிறுத்துகிற ஜாய்ஸ் அன்று இரண்டு டீ குடித்தார்.

இரண்டு மாதம் கழித்து, சரிபார்க்கும் ஸ்கேனுக்கு அம்மாவும் பெண்ணும் பஸ்ஸில் வந்தார்கள். தையலம்மாள் தண்ணீர் பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “குடுக்கலாமாம்மா?”

“இன்னிக்கு நல்லா குடுங்க.”

வெண்ணிலா படுத்தாள். “இப்ப ரெண்டு பக்கமும் வலிக்கல டாக்டர். எந்தப் பக்கம் மொதல்ல பாப்பீங்க?”

ஜாய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. வலது பக்கம் வைத்தார். சினைப்பை பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. டாப்ளரைப் போட்டார். சிவப்பும் நீலமும் மின்னின.

தையலம்மாள் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா அது, சீரியல் லைட் மாதிரி?”

“உங்க பொண்ணோட ரத்தம்” என்றார் ஜாய்ஸ். “ஓடுது.”