மாடிவீட்டு மெஷினுக்குத் தண்ணீர்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு வீட்டில் பேச ஆள் கிடையாது. மனைவி இறந்த பிறகு, காலையில் வைத்த டம்ளர் ராத்திரி வரை வைத்த இடத்திலேயே இருக்கும்.

தெருக்குழாயில் தண்ணீர் நின்று திரும்ப வந்தால் அவர் போன் ஓயாது. மாடிவீட்டு அக்காவும் கூப்பிட்டுவிடுவாள். அவள் கணவர் படுத்த படுக்கை. விரிப்புகளைத் தினமும் துவைத்தாக வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியோ அவள் தலைக்கு நேர் மேலே, மொட்டை மாடியில். கீழ்வீட்டில் பீய்ச்சி அடிக்கும் அதே தண்ணீர், உயரம் போதாததால் அங்கே நூலாகத்தான் இறங்கும். புதுத் தண்ணீர் விழுந்ததும் தொட்டியின் அடிச்சேறு கலங்கி, மெஷினுக்குப் பின்னால் குழாய் சேரும் இடத்தில் இருக்கும் சின்னச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். மெஷின் தண்ணீருக்குக் காத்துக் காத்து, கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும்.

அவர் சல்லடையைப் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுவார். அக்கா டீ போடுவாள்.

“தண்ணி வருதோ இல்லையோ, நீ வந்துடற தம்பி,” என்று சிரிப்பாள்.

நிரந்தர வழி அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று தனக்குத்தானே சாக்கு வைத்திருந்தார். அந்த டீயை விட்டால் அவர் உட்கார்ந்து பேச வேறு நாற்காலி எங்கே?

ஒருமுறை அவர் வெளியூரில் மாட்டிக்கொண்டார். மெஷின் நின்றுபோக, பொறுக்க முடியாமல் அக்கா குறட்டால் சல்லடையையே பிடுங்கி எறிந்துவிட்டாள். தண்ணீர் முன்னைவிட நன்றாக வந்தது. ஆனால் வடிகட்ட ஒன்றுமில்லாததால் மண் உள்ளே போய், தண்ணீரைத் திறந்து மூடும் வால்வின் வாயில் உட்கார்ந்துகொண்டது. மெஷினை அணைத்த பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. மெஷின் நிரம்பி வழிந்து, கட்டில் கால் வரை ஓடியது. துடைக்கப் போனவள் வழுக்கி விழுந்தாள்.

அவர் வந்தபோது அக்காவின் முழங்கை வீங்கியிருந்தது. ஒற்றைக் கையால் விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“உன்னை எத்தனை தடவைதான் அலைய விடறதுன்னு நானே கை வெச்சிட்டேன்பா,” என்றாள்.

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மொட்டை மாடிக்கு ஏறினார். தொட்டியை வடித்துச் சேற்றை வழித்தார். தண்ணீர் எடுக்கும் வாயை அடியிலிருந்து ஒரு சாண் மேலே ஏற்றினார். அங்கிருந்து மெஷினுக்கென்று தனியாகப் பெரிய குழாய் இழுத்தார். மெஷினில், தண்ணீர் மெதுவாக வந்தாலும் சரியாகத் திறந்து மூடும் வால்வைப் போட்டு, புதுச் சல்லடையும் மாட்டினார்.

மெஷின் மடமடவென்று நிரம்பி, தானாக நின்றது.

“இது முன்னாடியே தெரியாதா?” என்றாள் அக்கா.

“தெரியும்க்கா.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு டீ போட்டாள்.

அடுத்த முறை தண்ணீர் நின்று வந்தபோது போன் விடாமல் அடித்தது. ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்தார். மாடிவீட்டு எண் வரவில்லை.

வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகவே வண்டியை விட்டார். மொட்டை மாடியில் விரிப்புகள் வெள்ளையாக ஆடின. பார்த்துக்கொண்டு நின்றவர், யாரோ ஹாரன் அடிக்கவும் வண்டியைக் கிளப்பினார்.