நாற்பத்தோராம் இலக்கத்து வாசகி

கோப்பாயில் அந்தச் சனசமூக நிலைய நூலகத்தைக் காலையில் திறந்து, பத்திரிகைகளை மேசையில் பரப்பி, பின்னேரம் பூட்டுவது உதயகலாவின் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறாள். வந்தவரைப் பார்த்துச் சிரிப்பாள், கேட்டால்தான் கதைப்பாள். எந்தக் கிழவர் எந்தப் பக்கத்தை முதலில் பிரிப்பார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஆரபி என்ற பெண் எழுதியிருந்தாள். போர்க்காலத்தில் ஊர்ச்சனம் என்ன வாசித்தது என்று பார்க்கிறாளாம். 1985 முதல் 1995 வரையான இரவல் பதிவேடுகளைப் படம் எடுத்து, வரிவரியாகப் படியெடுக்க அனுமதி கேட்டிருந்தாள். ஏடுகளை வெளியே கொண்டுபோகமாட்டாள். படங்களின் பிரதியொன்றை நூலகத்துக்குத் தருவாள். ஆய்வில் பெயர் வராது. இலக்கம், ஆணா பெண்ணா, எடுத்த புத்தகம், இவ்வளவுதான்.

"ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் கூட்டத்திலை வைப்பம். அதுக்குள்ளை என்னென்ன ஏடு கிடக்கெண்டு ஒரு பட்டியல் போட்டு வையுங்கோ அக்கா," என்றாள் செயலாளர் தக்சாயினி.

"ஓம்," என்றாள் உதயகலா.

அலுமாரியில் ஆறு ஏடுகள் இருந்தன. ஐந்தைத் தூசு தட்டிப் பக்கம் எண்ணினாள். ஆறாவதை இந்தப் பதினான்கு வருடத்தில் அவள் ஒருநாளும் திறந்ததில்லை. அதை எழுதாமல் விட்டால் ஆருக்குத் தெரியப்போகிறது? கறையான் தின்றது என்றால் நம்புவார்கள்.

அந்த ஏடு எழுதிய காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு அங்கத்தவர் இலக்கம்தான். அவர்கள் வீட்டு இலக்கம் நாற்பத்தொன்று, அண்ணன் சிவகரனின் பெயரில். தொண்ணூற்றுமூன்றில் அண்ணன் கொழும்புக்குப் போய், அப்படியே கனடாவுக்குப் போனான். ஊரைவிட்டுப் போனவரின் இலக்கத்தை வெட்ட வேண்டும் என்பது விதி. புது விண்ணப்பத்துக்குத் தகப்பனின் கையெழுத்து வேண்டும். அம்மா படுக்கையில் விழுந்ததால் எட்டாம் வகுப்போடு உதயகலாவை மறித்துவிட்ட அப்பாவிடம் அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணனின் கையெழுத்தை அடுப்புக்கரியால் நிலத்தில் எழுதி எழுதிப் பழகினாள்.

இரவல் ஏட்டில் அவள் அதை வைக்கும்போது அப்போதைய நூலகர் சீவரத்தினம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்ப்பார். ஏட்டைத் திருப்பி வைப்பார். அவ்வளவுதான். மண்ணெண்ணெய் யானை விலை விற்ற காலம் அது. வெளிச்சம் போகமுன் வாசித்து முடிக்க வேண்டும் என்று கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து வாசிப்பாள். வாழைக்குத் தண்ணீர் ஓடும் சத்தத்தோடு கப்பல்களும் கள்வர்களும் வேறு ஊர்ப் பெண்களும் அவளுக்குள் வந்து சேர்ந்தார்கள். தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, சீவரத்தினம் தன் உடுப்பை விட்டுவிட்டு, இந்த ஏடுகளை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் தென்மராட்சிக்குக் கொண்டுபோனார். திருப்பியும் கொண்டுவந்தார். இப்போது அவர் இல்லை.

சனிக்கிழமை, ஆளில்லாத மத்தியான நேரத்தில், ஆறாவது ஏட்டைத் திறந்தாள். 41, சிவகரன். 41, சிவகரன். வளைந்த 'சி' அண்ணனுடையதைப் போலவே இல்லை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் பென்சிலால், சின்ன எழுத்தில், சீவரத்தினம் எழுதியிருந்தார்: தங்கை. தங்கை. தங்கை. கடைசி வரி வரைக்கும்.

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். எண்ணிப் பார்த்தாள். நூற்றுப் பதினேழு.

பட்டியலில் ஆறாவது ஏட்டையும் எழுதினாள்.

ஞாயிறு கூட்டத்தில் தலைவர் எட்வேர்ட் மாஸ்ரர் கடிதத்தை வாசித்துவிட்டு, "உந்தப் பழைய ஏடுகளிலை என்னத்தைக் கண்டுபிடிக்கப்போகினம்? நான் திருப்பிக் குடுக்காத புத்தகத்தையோ?" என்றார்.

"அதுக்குப் படம் எடுக்கத் தேவையில்லை மாஸ்ரர். ஊருக்கே தெரியும்," என்றாள் தக்சாயினி.

சிரிப்பு அடங்கியதும் உதயகலா எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்தது அதுதான் முதல்தரம்.

"ஆறாவது ஏட்டிலை ஒரு பிழை கிடக்கு. தொண்ணூற்றிமூண்டுக்குப் பிறகு நாற்பத்தொண்டு எங்கடை அண்ணை இல்லை. அது நான். அண்ணையின்ரை கையெழுத்தை நான்தான் வைச்சனான்."

"கள்ளக் கையெழுத்தோ பிள்ளை?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"ஓம்."

"எடுத்ததெல்லாம் திருப்பிக் குடுத்தனீரோ?"

"எல்லாம் குடுத்தனான்."

"அப்ப நான் வாயைத் திறக்கேலாது," என்றார் மாஸ்ரர். எங்கோ பார்த்துக்கொண்டு மெதுவாகச் சேர்த்தார்: "சீவரத்தினத்தார் பொல்லாத மனிசன். ஒரு சொல்லுச் சொல்லேல்லை, பாரும்."

அனுமதி கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. பகல் வெளிச்சத்தில், நூலக மேசையில், உதயகலா பக்கத்தில் இருக்கப் படம் எடுக்கலாம்.

"அக்கா, ஏட்டிலை திருத்தக்கூடாது. இருக்கிறபடியே இருக்கட்டும். நீங்கள் ஒரு தனித்தாளிலை எழுதித் தாங்கோ, பதிலோடை அனுப்புவம்," என்று தக்சாயினி பேனையை நீட்டினாள்.

உதயகலா எழுதினாள்: 'புரட்டாதி 1993 முதல் இந்த இலக்கத்தில் வாசித்தது ஒரு பெண். தொடங்கும்போது வயது பதினான்கு. பென்சிலில் உள்ள குறிப்புச் சரியானது.'

கையெழுத்து வைக்கும் இடத்தில் பேனை பழக்கத்தில் ஒரு 'சி' போடப் போனது. நிறுத்தி, தன் பெயரை முழுதாக எழுதினாள்.