பத்து நாற்பத்திரண்டுக்கு ஒரு ஹாஹா

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் குக்கர் இரண்டாவது விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. போன் 'டிங்' என்றது. எங்கள் கசின்ஸ் குரூப்பில் செந்தில் ஒரு மெசேஜ் போட்டிருந்தான்.

'ஹாஹா.'

அவ்வளவுதான். முன்னாலும் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை.

செந்தில் என் சித்தி மகன். நாமகிரிப்பேட்டைக்காரன். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் ஒன்பது மாதம் வடக்கே எங்காவது ஒரு காட்டில் இருப்பான். எங்கள் குரூப்பில் ஜோக்கர் அவன்தான். எதையும் சிரிப்பில்தான் ஆரம்பிப்பான். முதலில் ஒரு 'ஹாஹா' வரும். பின்னாலேயே, "அக்கா, இன்னிக்குக் கூத்தப் பாருங்க, ரசத்துல உப்புக்குப் பதிலா சக்கரையக் கொட்டிட்டாங்க" என்று கதை வரும்.

அன்றைக்குக் கதை வரவில்லை.

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துப்பறிகிற கெட்ட பழக்கம் உண்டு. மேலே தள்ளிப் பார்த்தேன். கடைசி மெசேஜ் முந்தின நாள் சாயங்காலம் நான் போட்டது. புதன்கிழமை கரண்ட் கட் என்ற அறிவிப்பு. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? பழைய மெசேஜ் எதற்காவது ரியாக்‌ஷன் போட்டிருப்பானோ? அப்படியென்றால் அந்த மெசேஜுக்குக் கீழே குட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இது தனியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எதையாவது இழுத்துப் பிடித்து ரிப்ளை பண்ணியிருந்தால் அந்த வரி மேலே பெட்டியாகத் தெரிந்திருக்கும். தெரியவில்லை. மீம் ஏதாவது போட்டுவிட்டு அழித்திருப்பானோ? அழித்தால் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று ஒரு தடயம் இருக்கும். அதுவும் இல்லை.

சரி, கை தவறி விழுந்ததா? சிரிக்கிற பொம்மையாக இருந்தால் கட்டை விரல் பட்டு விழுந்தது என்று சொல்லலாம். இது எழுத்து. உட்கார்ந்து டைப் பண்ணியது.

வேறு குரூப்புக்குப் போக வேண்டியது இங்கே வந்துவிட்டது போல, என்று முடிவு கட்டினேன். கேஸ் க்ளோஸ்!

அதற்குள் குரூப் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பெங்களூரு ராதா கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டாள். ராசிபுரம் மாமா மகன் இரண்டு. அவன் தம்பி 'லோல்' என்றான். எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் யாரோ கை தட்டினால் நாமும் தட்டுவோமே, அப்படி. மொத்தம் பதினோரு பொம்மைகள். பிற்பாடு எண்ணிப் பார்த்தேன்.

நானும் போட்டேன். "ஜோக்கச் சொல்லிட்டுச் சிரிடா, நாங்களும் சிரிப்பமில்ல" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பொம்மை.

'செந்தில் டைப்பிங்...' என்று மேலே வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. கடைசியில் ஒரு வரி வந்தது.

"அப்பறம் சொல்றனுங்க்கா."

நான் போய்க் குக்கரை இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செந்தில் போன் பண்ணினான். "அக்கா, நான் வாழப்பாடில இருக்கறனுங்க."

"டேய், எப்படா வந்த? சொல்லவே இல்லையே!"

"ராஜாமணியண்ணனக் கொண்டாந்தனுங்க்கா. இப்பத்தான் அடக்கம் முடிஞ்சுது."

ராஜாமணி, செந்திலோடு அதே வண்டியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். சொந்த ஊர் வாழப்பாடி. செந்தில் சொல்லும் கதைகளில் ரசத்தில் சர்க்கரை கொட்டுகிற ஆள் அவர்தான். நான் நேரில் பார்த்ததில்லை. குரல் தெரியும். செந்தில் போனில் பேசும்போது பின்னாலிருந்து, "அக்காவக் கேட்டன்னு சொல்லு" என்பார்.

என்ன நடந்ததென்று செந்தில் சொன்னான். அன்றைக்குக் காலையில் புது பாயிண்ட், அதாவது புதிதாகத் துளை போட வேண்டிய இடம். வண்டியை நிறுத்தி, லீவரைத் தள்ளினால் வண்டிமேல் படுத்திருக்கிற மாஸ்ட், அந்த உயரமான கம்பம், மெதுவாக எழுந்து நிற்கும். முப்பது அடிக்கு மேல் இரும்பு. மேலே கரண்ட் கம்பி போகிறது. மரக்கிளை மறைத்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. மாஸ்ட் கம்பியைத் தொட்டது. வண்டிப் பிளாட்ஃபாரத்தின் மேல் நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜாமணி மட்டும் மண்ணில் நின்று, வண்டிமேல் ஒரு கையை ஊன்றியபடி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"லீவர் எங் கையிலதானுங்க்கா இருந்துச்சு" என்றான்.

என்ன சொல்லுவீர்கள் இதற்கு?

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்ச். அதில் உட்கார்ந்துதான் போனை எடுத்திருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதியைப் போனில் சொல்ல மாட்டார்கள். தெரிந்த ஆள் ஒருவர் நேரில் போக வேண்டும். முதலில் பக்கத்து வீட்டில் சொல்லி, இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு, பிறகுதான் அந்த வாசலை மிதிக்க வேண்டும். ரிக் வண்டி முதலாளி, ஆள் அனுப்புகிறேன் என்றாராம். அந்த ஆள் திருச்செங்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும். வாழப்பாடிக்குப் பக்கத்தில் இருப்பது யார்? நான்தான். டவுன் பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் மாறினால் ஒன்றரை மணி நேரம்.

"'அக்கா, நீங்க உடனே போங்க'ன்னு மூணு வாட்டி எழுதுனனுங்க. எழுதுனா நெசமாயிருமேன்னு அழிச்சுட்டன். பேசலாம்னா கொரலே வல்ல. அப்பறம், எப்பவும் போல ஒரு ஹாஹா போட்டனுங்க்கா. யாராச்சும் 'என்னடா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா சொல்லிரலாம்னு..."

"நாங்க சிரிச்சமே, சாமி."

"ஆமாங்க்கா. அத்தன பேரு சிரிச்சதுக்கப்பறம் எப்பிடிங்க்கா சொல்றது?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் கேட்டேனே, ஜோக்கைச் சொல்லு என்று? அதையும் எனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பொய். நான் கேட்கவில்லை. கேட்பதுபோலச் சிரித்தேன். 'ஜோக்' என்ற வார்த்தையை நானே போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவன் ஜோக்கைத்தானே சொல்ல முடியும்? சாவைச் சொல்ல நான் இடமே வைக்கவில்லை.

சனிக்கிழமை வாழப்பாடி போனேன். ராஜாமணியின் மனைவி மல்லிகா, மார்க்கெட்டில் காய்கறி விற்கிறவர். சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"செந்தில் தம்பியோட அக்காவா? அந்தத் தம்பி நல்ல தம்பிங்க. இவர் போன் பண்றப்பல்லாம் பக்கத்துல அது சிரிக்கிற சத்தம்தான் கேக்கும்."

"ஆமாங்க" என்றேன்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவரே சொன்னார். விபத்து நடந்த ஊரில் வேடிக்கை பார்த்த எவனோ வீடியோ எடுத்திருக்கிறான். அது ரிக் ஆட்களின் குரூப்புக்குள் வந்து, அங்கிருந்து ஆளுக்கு ஆள் தாவி, மத்தியானம் ஒன்றரை மணிக்கு வாழப்பாடி மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. முதலாளி அனுப்பிய ஆள் அப்போது வந்து சேரவில்லை. பக்கத்துக் கடைக்காரர், "ஏம்மா, இது உங்க ஆளுங்க வேலை பாக்குற வண்டியா பாரு" என்று போனை நீட்டியிருக்கிறார். பாவம், அவருக்கும் தெரியாது. முகம் சரியாகத் தெரியவில்லையாம்.

"சட்டை தெரிஞ்சுதுங்க. தீபாவளிக்கு நான் எடுத்துக் குடுத்தது. கையில தராசு இருக்குது, எதிர்ல தக்காளி வாங்க ஆள் நிக்குது... யாராச்சும் ஒருத்தர் வந்து, மூஞ்சியப் பாத்து, வாயால சொல்லியிருக்கலாம்ங்க."

பத்து நாற்பத்திரண்டுக்கு மெசேஜ். பதினொன்றுக்குக் கிளம்பியிருந்தால் பன்னிரண்டரைக்கு நான் அங்கே. அந்த வீடியோவுக்கு ஒரு மணி நேரம் முன்னால். அவர் கையிலிருந்து தராசை வாங்கி வைத்திருப்பேன். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். செந்திலிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுதுங்க்கா" என்றான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான். வண்டி ஏறவில்லை. குரூப்பில் எதுவும் போடுவதும் இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். நேரில் நாம் இப்படி இல்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா, "நேத்து மழைல வீட்டு ஓடெல்லாம் போச்சுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் நாம் சிரிப்போமா? "அய்யய்யோ!" என்போம். அவர் சிரிப்பது சந்தோஷத்தில் இல்லை, 'நான் தாங்கிக்குவேன், நீங்க பயப்படாதீங்க' என்பதற்குத்தான் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். போனில் முகம் கிடையாது. சிரிப்பு மட்டும் வருகிறது. சிரிப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் குக்கரை இறக்கப் போய்விடுகிறோம்.

உங்கள் போனை எடுத்து, கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள். 'மூணு நாளா காய்ச்சல் ஹாஹா.' 'இண்டர்வியூ ஊத்திக்கிச்சு லோல்.' நாம் என்ன பதில் போட்டிருக்கிறோம்? அதிலாவது விஷயம் கூடவே வந்திருக்கிறது. விஷயமே வராமல் வெறும் ஹாஹா மட்டும் வந்தால், எழுதியதை யாரோ அழித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் இருக்காதுதான். இருக்கட்டுமே! 'என்னப்பா?' என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

வாழப்பாடியிலிருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸிலேயே அந்தக் குரூப்பைத் திறந்தேன். என் மெசேஜை அமுக்கிப் பிடித்து, யார் எப்போது படித்தார்கள் என்று பார்த்தேன். செந்தில், பத்து நாற்பத்து நாலு. பொம்மையோடு சேர்த்து அதை அழித்துவிடலாம் என்று போனால், 'எல்லோருக்கும் நீக்கு' என்ற வசதியே காணோம். இரண்டரை நாள் தாண்டினால் அதெல்லாம் முடியாதாம். 'எனக்கு மட்டும் நீக்கு' என்று ஒன்றுதான் இருந்தது.

என் போனில் அழித்து என்ன பயன்? நான் சிரித்தது அவன் போனில் இருக்கிறது.