சிவப்புத் தெரிந்த கண்

கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த வருஷங்களில் எந்தத் தீபாவளிக்கும் எனக்கு லீவு கிடைத்ததில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள். இந்து நர்ஸுகள் தீபாவளிக்கு வீட்டுக்குப் போவார்கள், நாங்கள் டூட்டி பார்ப்போம்; கிறிஸ்துமஸுக்கு அவர்கள் பார்ப்பார்கள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் தீபாவளி டூட்டியும் கிறிஸ்துமஸ் டூட்டியும் ஒன்றல்ல என்று ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்கள் கையில் கேக்கோடு வருவார்கள். தீபாவளிக்கு வருகிறவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வருவார்கள்.

வருகிறவர்களைவிட அவர்கள் கண்ணுக்குள் போட்டுக்கொண்டு வரும் சாமான்கள்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். விளக்கெண்ணெய், பன்னீர், நந்தியாவட்டைப் பூ, வெண்ணெய். ஒருவர் மஞ்சள் பற்றே போட்டுக்கொண்டு வந்தார். இது கண்ணா, சமையல்கட்டா என்று நான் கத்தியது மாடி வார்டு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். அடுத்த போர்ஷனில் இருந்தவர் எலெக்ட்ரிக் ரயில் ஓட்டுகிற மோட்டார்மேன். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை சிஸ்டரம்மா என்று கேலியாகக் கூப்பிடுவார். அவருக்குத் தன் கண்ணைப் பற்றிப் பெரிய கர்வம். ரயில்வேயில் கண் பரிசோதனையில் தேறினால்தான் வண்டி. தவறினால் ஷெட்டில் உட்கார்ந்து ஸ்பேனர் எண்ண வேண்டியதுதான். அவர் ஒவ்வொரு முறையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு வந்து காம்பவுண்டுக்கே காபி வாங்கித் தருவார்.

அந்தத் தீபாவளிக் காலையில் எனக்கு மத்தியான டூட்டி. புடவைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே புஸ்வாணப் பூச்சட்டி ஒன்று பற்றாமல் புகைந்துகொண்டிருந்தது. அண்ணா எட்ட நின்று பார்த்தார், பிறகு பக்கத்தில் போய்க் குனிந்தார். பற்றாததன் பக்கத்தில் போகக் கூடாது, தண்ணீரை ஊற்றி விட்டுவிட வேண்டும். அது அவருக்கும் தெரியும். ஆனால் மக்கர் பண்ணும் எதையும் கிட்டப் போய்ப் பார்க்காமல் விட அவர் தொழில் அவரை விடாது. சட்டி பூவாகச் சொரியாமல் ஒரேயடியாக வெடித்தது. மண் ஓடு நாலாபக்கமும் பறந்தது.

நான் ஓடிப் போவதற்குள் அக்கா, அதாவது அவர் மனைவி, நந்தியாவட்டைச் செடியை மொட்டையடித்து முடித்திருந்தார். எதிர் போர்ஷனில் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண் ஒரு சங்கில் தாய்ப்பாலைப் பீய்ச்சித் தன் அம்மாவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். எங்கள் பக்கத்தில் கண்ணில் எது விழுந்தாலும் அதுதான் வழக்கம். கேட்காமலே வரும், அன்போடு வரும். அக்கா அவர் தலையை மடியில் சாய்த்து, சங்கைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்விட்டார்.

"அக்கா, வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் சங்கு நின்றது. அதை வாங்கி, கொண்டுவந்தவரிடமே கொடுத்தேன். "இதை அந்தக் குழந்தைக்குக் குடுங்க. அதுக்குத்தான் பசி."

"ஏம்மா கத்தறே? குளிர்ச்சிதானே?" என்றார் அக்கா, அழுகையும் கோபமுமாக.

"குளிர்ச்சியோ சூடோ, கிழிஞ்ச கண்ணுக்குள்ள எது போனாலும் சீழ் புடிக்கும்க்கா."

"கிழிஞ்சிடுச்சா?" என்று அண்ணா எழுந்து உட்கார்ந்தார். வலக் கண் சிவந்து நீர் வழிந்தது. தேய்ப்பதற்குக் கை தானாகப் போனது. அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "ஒண்ணும் கிழியல சிஸ்டரம்மா. நல்லாத் தெரியுது. நானே டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்."

சொன்னபடி செய்தார். காம்பவுண்டு வாசலுக்கு நடந்து, இடக் கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, தூரத்தில் நின்ற சிக்னலைப் பார்த்தார். "சிவப்பு" என்றார். சிவப்புத்தான். கொஞ்ச நேரத்தில் அது மாறியது. "பச்சை" என்றார். பச்சைதான். காம்பவுண்டே மூச்சு விட்டது. அக்கா ஒரு தட்டில் அதிரசத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ரயில்வேக்காரர்களுக்கே உரிய தப்புக் கணக்கு இது. சிக்னல் தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்கு எண்ணம். கண்ணைப் பரிசோதிப்பது ஒன்று, பார்வையைப் பரிசோதிப்பது வேறொன்று. வெளியே வெறும் சிவப்பாக இருக்கிற கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கும், விழித்திரை விலகியிருக்கும், ஊசி நுனியளவு ஓடு உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. வலிக்கவில்லை, தெரிகிறது, வீங்கவில்லை என்று சொல்லி மறுநாள் வந்தவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். வெடி பட்ட கண் எதுவானாலும் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

வெளிச்சத்தில் நிற்கவைத்து, இமையைத் தொடாமல், எட்டியே பார்த்தேன். நடுவிலிருக்கிற கறுப்புப் பாவை வட்டமாக இல்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, சொட்டப் போகிற நீர்த்துளி மாதிரி கூராக இருந்தது. அந்தக் கூரின் முனையில், கறுவிழியின் ஓரத்தில், எள் அளவு பழுப்பு. கண் ஓட்டையாகி, உள்ளே இருக்கவேண்டியது வெளியே எட்டிப் பார்க்கிறது. அந்த நிலையில் அவர் பட்டாணி அளவு சிக்னலைப் படித்துக்கொண்டிருக்கிறார். அக்கா கொஞ்சம் அழுத்தித் துடைத்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

"அண்ணா, உடனே கிளம்பணும்."

"ஆஸ்பத்திரிக்கா? நல்ல நாளும் அதுவுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டரம்மா, ஆபீஸுக்குத் தெரிஞ்சா என்னை வண்டிலேருந்து எறக்கிடுவாங்க."

"போகலேன்னா கண்ணே எறங்கிடும். எது வேணும்?"

அவர் செருப்பில் காலை நுழைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவருடைய தீபாவளிச் சட்டை பிரிக்காமல் இருந்தது. அதற்குள் வைத்திருந்த அட்டையை எடுத்து வட்டமாக வெட்டி, நடு வரைக்கும் ஒரு கீறல் போட்டு, மடித்துச் சின்னக் கூம்பாக்கினேன். கூம்பின் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி வைத்துப் பிளாஸ்டர் ஒட்டினேன். கண்ணின் மேல் எதுவும் படக் கூடாது. பஞ்சும் வேண்டாம், கட்டும் வேண்டாம். அதிரசத் தட்டு மறுபடி நீண்டது. தட்டிவிட்டேன் என்றே சொல்லவேண்டும்.

"காலைலேருந்து வெறும் காபிதான் குடிச்சிருக்கார்" என்றார் அக்கா.

"அதோட நிக்கட்டும். ஆபரேஷன்னா மயக்க மருந்து குடுப்பாங்க, வயிறு காலியா இருக்கணும். லேகியம் வேணாம், தண்ணியும் வேணாம். வலிக்குதேன்னு தலைவலி மாத்திரையும் வேணாம், ரத்தம் நிக்காது."

தீபாவளியன்று டாக்சி ஏது? ரயிலில்தான் போனோம். தான் ஓட்டுகிற வண்டியில் முதல் முறையாகப் பயணியாக உட்கார்ந்து வந்தார். குனியாதீர்கள், இருமாதீர்கள், மூக்கைச் சிந்தாதீர்கள் என்று நான் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். குரோம்பேட்டை வளைவில் வண்டி குலுங்கியபோது, "யாருடா இவன், பிரேக்கை இப்படிப் போடறான்" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டர் அட்டையை எடுத்தார், விளக்கை அடித்தார், நிமிர்ந்தார். "உள்ளே என்ன விட்டீங்க?"

"ஒண்ணும் விடலை சார். கழுவவும் இல்லை."

"நல்லது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

கழுவுவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதே மத்தியானம், பிரித்துக் கொட்டிய வெடி மருந்து முகத்தில் தெறித்த ஒருவர் சொட்டச் சொட்ட வந்தார். குழாயடியில் கண்ணைத் திறந்து வைத்துத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாராம். அவர் செய்தது சரி. வெறும் மருந்துத் தூள் பட்டால் உடனே நல்ல தண்ணீர்தான் முதல் வைத்தியம், பிறகு ஆஸ்பத்திரி. ஆனால் ஓடு பறந்து அடித்த கண்ணைக் கழுவக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. மூடிக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், ரணஜன்னி வராமலிருக்க டெட்டனஸ் ஊசி போட்டார்கள். அன்றே மயக்கம் கொடுத்து, தலைமுடியைவிட மெல்லிய பட்டு நூலால் தைத்தார்கள். நல்ல கண்ணையும் விடாமல் பார்த்தார்கள். ஒன்றில் அடிபட்டால் மற்றதும் நாள் கழித்துக் கெடுவது உண்டு. பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருபுறமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கவைத்தார்கள். காம்பவுண்டே அதிர வெடி வைக்கிறவர் குழந்தை மாதிரி கிடந்தார். "தெரியுமா சிஸ்டரம்மா, தெரியுமா?" என்று என் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கேட்பார். தெரியும் என்று நான் பொய் சொல்லவில்லை. "கட்டைப் பிரிக்கட்டும்" என்பேன். வெளியே வந்து ஜெபம் பண்ணுவேன்.

கட்டைப் பிரித்தார்கள். தெரிந்தது. முதலில் மங்கலாக, பிறகு தையல் ஆறஆற நன்றாக. அந்தப் பாவை மட்டும் கடைசிவரை நீர்த்துளியாகவே இருந்துவிட்டது. பல மாதங்கள் ஷெட்டில் வேலை பார்த்தார். எல்லா டெஸ்டும் மறுபடி எடுத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய அக்காவின் கையில் காம்பவுண்டு முழுவதுக்கும் காபி இருந்தது.

மறுநாள் காலை டூட்டிக்குக் கிளம்பித் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியின் முகப்பில் அவர் நின்றார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார், சிரிக்கவில்லை. நான் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

சேத்துப்பட்டு தாண்டி, எழும்பூருக்கு முன்னால், வண்டி வேகம் குறைந்து நின்றது. பெட்டி முழுக்க முணுமுணுப்பு. பூக்கூடையோடு வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது பேஜாரு! செவப்பு வுழுந்துகினு கீது, அதான் நிறுத்திட்டான்" என்றாள்.

நான் எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சிவப்பை ஆசை தீரப் பார்த்தேன்.