தகுந்த நடவடிக்கை

ஜெஸீமாவுக்குப் பேசுகிறவரின் வாய் தெரிய வேண்டும். தெரிந்தால் பேச்சு, தெரியாவிட்டால் வெறும் இரைச்சல். சின்ன வயதில் வந்த காய்ச்சலொன்று இரண்டு காதிலும் கேட்கும் சக்தியில் கொஞ்சத்தை மட்டும் விட்டுவைத்துப் போயிருந்தது. கிண்ணியாவில் வீட்டாரைத் தவிர அதிகம்பேர் இதை அறியார். எங்கே போனாலும் எதிரில் இருப்பவரின் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி இடம் பார்த்து உட்காருவாள். பெருமைக்காரி என்றார்கள். அதுவும் வசதிதான் என்று விட்டுவிட்டாள்.

முதல் வேலை ஓர் அரிசி ஆலைக் கந்தோரில். தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்க, அவள் குனிந்து தட்டச்சிட்டுக்கொண்டிருந்ததை முதலாளி கண்டார். அடுத்த நாள் வர வேண்டாம் என்றார்.

எண்பத்தொன்றில் துறைமுக வாசலுக்குக் கிட்ட இருந்த கப்பல் முகவர் கம்பனியொன்று தட்டச்சாளர் தேடியது. அந்த வருடம் ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டு. எல்லா ஆட்சேர்ப்பு விளம்பரத்திலும் ஒரு பந்தியைச் சேர்க்கும்படி கொழும்புத் தலைமையகம் எழுதியிருந்தது. தமிழில் அது இப்படி வந்தது: ‘அங்கக் குறைபாடுள்ள விண்ணப்பதாரர் அதனை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அவர்கள் தொடர்பில் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்.’

தமையன் தாஹிர் அதை வாசித்துச் சிரித்தான்.

“நடவடிக்கையாம். பொலிசில எழுதி ஒட்டுற கதை. சொல்லிப்போடாத தங்கச்சி, புடிச்சு உள்ள போடுவானுகள்.”

“பகிடி விடாதீங்க காக்கா. சொல்லாமப் போய்ப் புடிபட்டா?”

“சொன்னா வாசலோட திருப்பி அனுப்புவான். சொல்லாட்டி உள்ள போயாவது திரும்பலாம்.”

அவள் சொல்லவில்லை.

பரீட்சை மேல்மாடியில். நான்கு பேர் வந்திருந்தார்கள். ஆட்சேர்ப்புக்குப் பொறுப்பான இரத்தினசிங்கம் ஒரு கடிதத்தை வாசிக்க, அவர்கள் எழுதிப் பிறகு தட்டச்சிட வேண்டும். முதல் வரியை மேசையடியில் நின்று வாசித்தார். பிறகு நடக்கத் தொடங்கினார். அது அவருடைய பழக்கம். பின்பக்கம் போனார், யன்னலடிக்குப் போய்க் கப்பல்களைப் பார்த்தபடி வாசித்தார். ஜெஸீமாவின் தாள் ஒரு வரியோடு நின்றது. பக்கத்துப் பெண்ணின் பேனை ஓடிக்கொண்டிருந்தது. அரிசி ஆலைத் தொலைபேசி ஞாபகம் வந்தது.

எழும்பினாள்.

“சேர், எனக்குக் காது சரியாக் கேளாது. நடவடிக்கை எடுக்கிறதெண்டா எடுங்க.”

அவர் திரும்பினார். “என்ன நடவடிக்கை வேணும்?”

நக்கலா என்று அவர் வாயை உற்றுப் பார்த்தாள். பிடிபடவில்லை.

“முன்னுக்கு இருந்து, என்னைப் பாத்து வாசிக்கோணும்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

பக்கத்துப் பெண் பேனையை வைத்தாள். “சேர், அவவுக்கு மட்டும் என்ன சலுகை?”

“சலுகை இல்லைப் பிள்ளை. அதே வேகம், அதே அளவு கடிதம், அதே புள்ளி. என்ர வாய் தெரியும், அவ்வளவுதான்.” ஜெஸீமாவிடம், “நீங்கள் முன்னமே அறிவிச்சிருக்கோணும். பரவாயில்லை, இவையள் எழுதி முடிக்கட்டும், இருங்கோ.”

இருத்திவைத்துவிட்டு அனுப்பிவிடத்தான் பார்க்கிறார் என்று நினைத்தாள். மற்றவர்கள் போன பிறகு அவர் கதிரையை இழுத்து, வெளிச்சம் தன் முகத்தில் படும்படி அவளுக்கு நேரே போட்டார். வேறொரு கடிதம் வாசித்தார். அவள் ஒரு சொல்லும் விடவில்லை.

வேலை கிடைத்தது. அப்போதும் தாஹிர் நம்பவில்லை, ஊர்வாய்க்குப் பயந்து எடுத்திருப்பான், மூன்று மாதத்தில் துரத்துவான் என்றான். முதல் நாள் ஜெஸீமா போய்ப் பார்த்தபோது அவள் மேசையில் தொலைபேசி இல்லை. பதில் சொல்கிற வேலையை அடுத்த மேசைக்காரிக்குக் கொடுத்து, அவளுடைய கோப்பு வேலையில் ஒரு பங்கை இவளுக்குத் தந்திருந்தார்கள். மேசை வாசலைப் பார்த்தபடி இருந்தது. யார் கேட்டு, எதற்காக இதெல்லாம் நடந்தது என்று பல நாள் யோசித்தாள். நல்ல காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த விளம்பரத்தைத் தட்டச்சிடும் வேலை அவளுக்கே வந்தது. இரத்தினசிங்கம் முன்னால் இருந்து வாசித்தார். ‘தகுந்த நடவடிக்கை’ என்ற வசனத்தில் அவள் கை நின்றது.

“இதை ஆர் சேர் எழுதினது?”

“நான்தான். இங்கிலிசில இருந்து. ஏன்? இதைப் பாத்து ஒரு சனமும் அறிவிக்கேல்லை. இந்தப் பக்கம் அப்பிடி ஆக்கள் இல்லையெண்டு கொழும்புக்கும் எழுதிப்போட்டன்.”

“அறிவிச்சா நடவடிக்கை எண்டிருக்கு. ஆர் வருவான்?”

அவர் தாளைத் திருப்பி வாசித்தார். முகம் மாறியது. “வேறென்னெண்டு போட?”

அவள் அனுமதி கேட்காமலே தட்டினாள்: ‘பரீட்சைக்கோ வேலைக்கோ உங்களுக்கு என்ன ஒழுங்கு வேண்டுமென்று சொல்லுங்கள். செய்து தர முயல்வோம்.’

“இங்கிலிசில இன்னுமொரு வசனம் இருந்தது,” என்றார் அவர் மெதுவாக. “சொன்னதுக்காக ஒருத்தரும் ஒதுக்கப்படமாட்டினம் எண்டு. தாளில இடம் காணாதெண்டு விட்டிட்டன்.”

“இடம் காணாமத்தானோ சேர்?”

அவர் யன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவளுக்கு இரைச்சல் மட்டும் வந்தது. தட்டச்சுப்பொறியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“என்னைப் பாத்துச் சொல்லுங்க.”