செத்துப்போன காளீஸ்வரி விசா கேட்ட கதை

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கிற மாரியக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. சாரலில் நனைந்துகொண்டே, வாங்காமல் விலை மட்டும் கேட்டுப் போகிறவர்களை நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டாள். ஆனால் அவள் பெயர் மாரி இல்லை. கீழப்பாவூரில் பெற்றவர்கள் வைத்த பெயர் காளீஸ்வரி. இலஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்றே அந்தப் பெயர் போய்விட்டது.

காரணம் மாமியார். அவள் பெயரும் காளீஸ்வரி. வீட்டுக்குள் நின்று மருமகளை, “ஏட்டி காளீஸ்வரி, மாட்டுக்குத் தண்ணி வச்சியா?” என்று கேட்டால் மாமியாருக்கு என்ன மரியாதை? கட்டினவன் கூப்பிட்டால், பெற்ற தாயையே பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடாதா? பெரியவர்கள் கூடிப் பேசி, புதுப்பெண்ணுக்குச் சந்தனமாரி என்று பெயர் வைத்தார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வாங்கி வந்த கன்றுக்குட்டிக்குக்கூட இன்னும் கொஞ்சம் யோசித்துப் பெயர் வைத்திருப்பார்கள்.

மகள் இசக்கிப்பிரியா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் தாய் பெயர் கேட்டார்கள். புருஷன் மந்திரமூர்த்தி பக்கத்தில் அவர் அம்மா நின்றாள். மனுஷன் என்ன செய்வார்? “சந்தனமாரி” என்றார். பிறப்புச் சான்றிதழில் அதுவே ஏறிவிட்டது. அந்த ஒரு சொல்தான் இத்தனை வருஷம் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்து, இப்போது கனடாவில் போய்ப் படம் எடுத்தது.

இசக்கிப்பிரியா அங்கே புருஷனோடு இருக்கிறாள். தலைப்பிரசவம். பக்கத்தில் அம்மா வேண்டும் என்று விசாவுக்குப் போட்டாள். குடியேற்ற அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. விண்ணப்பித்தவர் பாஸ்போர்ட்படி காளீஸ்வரி. மகளின் பிறப்புச் சான்றிதழில் தாய் சந்தனமாரி. ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக எழுத்து. இவர்தான் தாய் என்பதை ஆவணங்களோடு விளக்கி, கெடுவுக்குள் கடிதம் அனுப்பவும்.

“எப்பா, அம்மா பேரு இருக்குத எல்லாப் பேப்பரையும் போட்டோ எடுத்து ஜெபமலர் அக்காவுக்கு அனுப்புங்க” என்று மகள் போனில் சொன்னாள். குடும்பத்து ஆட்களே மொழிபெயர்த்தால் செல்லாதாம்.

மந்திரமூர்த்தி வயலில் வரப்பு வெட்டுகிற அதே சிரத்தையோடு, வீட்டுப் பேப்பர்கள் கிடந்த மஞ்சப்பையைத் தரையில் கவிழ்த்தார். காளீஸ்வரி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்தார். நிழல் விழுந்தது, கால்விரல் விழுந்தது, ஒன்றில் பூனையும் விழுந்தது. அவ்வளவையும் அனுப்பிவிட்டு வேலை முடிந்ததென்று டீ குடிக்கப் போனார்.

ஜெபமலர் தென்காசியில் மொழிபெயர்ப்புக் கடை வைத்திருக்கிறாள். சுறுசுறுப்பானவள். போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றையும் ஒழுங்காக இங்கிலீஷில் பெயர்த்தாள். விளக்கக் கடிதத்தை மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கிற ஏ.ஐ.யிடம் விட்டாள். அது கேட்டதற்குமேல் செய்கிற பண்டம். எழுத்து வித்தியாசத்தை விளக்கச் சொன்னால், வந்த எல்லாப் பேப்பருக்கும் விளக்கம் எழுதிவிட்டது.

மறுநாள் கையெழுத்துப் போட வந்த இருவருக்கும் ஜெபமலர் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“காளீஸ்வரியாகிய நான் பணிவுடன் தெரிவிப்பது. பாஸ்போர்ட்டில் உள்ளவளும் ரேஷன் கார்டில் உள்ளவளும் நானே. முதியோர் உதவித்தொகை வாங்கியதும் நானே.”

“நான் எங்கட்டீ வாங்குனேன்?” என்றாள் காளீஸ்வரி.

ஜெபமலர் படிக்கிற வேகத்தில் நிற்கவில்லை. “இணைப்பில் உள்ள இறப்புச் சான்றிதழின்படி இலஞ்சியில் மாரடைப்பால் இறந்தவளும் நானே. அதில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருப்பது பதிவின்போது நேர்ந்த பிழை. சிரமத்துக்கு வருந்துகிறேன்.”

ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“செத்தவ வருத்தம் வேற தெரிவிக்கேனாக்கும்!” என்று காளீஸ்வரி புருஷன் பக்கம் திரும்பினாள். “உங்க அம்மா செத்ததையும் சேத்து என் தலையில கட்டிட்டீயளா?”

“பேரு இருக்குத எல்லாத்தையும்னுதானட்டி சொன்னா” என்றார் அவர், சுவரைப் பார்த்து.

இந்தக் கடிதம் போயிருந்தால் மகள் அங்கே தனியாகத்தான் வலியெடுத்துக் கிடக்க வேண்டும். தாய் இருந்தும் இல்லாதவள் ஆகியிருப்பாள்.

ஜெபமலர் மாமியாரின் பேப்பர்களைத் தனியே எடுத்து வைத்தாள். “அக்கா, நடந்ததை நடந்தபடி நானே எழுதுதேன். காளீஸ்வரி ரெண்டு பேரு, ஒரு வீட்டுல ஒரே பேரு ஆகாதுன்னு ஒங்க பேரை மாத்துனாவன்னு. அதுக்கு அண்ணாச்சி ஒரு அஃபிடவிட் குடுக்கணும். நோட்டரி முன்னால, தன் வாயால.”

நோட்டரி விஸ்வநாதன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். முத்திரைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஒங்க சம்சாரம் பேரு என்ன?”

“சந்தனமாரி.”

“அது வீட்டுல. பாஸ்போர்ட்ல?”

மந்திரமூர்த்திக்கு வேர்த்துக் கொட்டியது. “அதுல உள்ளதுதான் சார்.”

“அதைத்தான் கேக்கேன்.”

“நீங்களே வாசிச்சுக்கிடுங்க சார்.”

“சத்தியம் பண்ணுதது நீரா, நானா?”

ஜெபமலர் தலை குனிந்து சிரிப்பில் குலுங்கினாள். மந்திரமூர்த்தி எழுந்தார். செருப்பைக் கழற்றினார். மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எம்மா, மன்னிச்சிக்கோ” என்று முணுமுணுத்தார். பிறகு, வாழ்நாளில் முதல்தடவையாக, பாதித் தென்காசிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“காளீஸ்வரி!”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த காளீஸ்வரி விருட்டென்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் பார்த்தாள். மாமியார் வருகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

விஸ்வநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். அவரோடு எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் திரும்ப உட்கார்ந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெயருக்குத் தானே ஆள் இல்லை என்று ஆகிவிட்டதே என்ற வருத்தம், அத்தனை வருஷத்து வருத்தம், அந்த நாற்காலி மேசைக்கு நடுவில் வைத்து வந்தது.

ஜெபமலர் கடிதத்தில் அதையும் சேர்த்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை, ஆனால் பெயர் என்னுடையதுதான், பிள்ளையும் என்னுடையதுதான் என்று. மொழிபெயர்ப்புகள், டி.சி., மந்திரமூர்த்தியின் அஃபிடவிட் எல்லாம் சேர்ந்து போயின. படித்த அதிகாரி சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா, தெரியாது. விசா வந்துவிட்டது.

அன்று வீடியோ காலில் இசக்கிப்பிரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வயிற்றில் இருப்பது பெண்பிள்ளை, அங்கே முன்னாலேயே சொல்லிவிடுகிறார்கள்.

“எம்மா, நானும் அவுகளும் பேசி முடிவு பண்ணிட்டோம். பாப்பாவுக்கு ஒன் பேருதான். காளீஸ்வரி!”

மந்திரமூர்த்தி சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். “நல்ல காரியம்ட்டி” என்றவர், கொஞ்சம் யோசித்துப் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “அப்பம், பேத்திக்கு முன்னால ஒன்னைய என்னன்னு கூப்பிட?”

காளீஸ்வரி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏட்டி, ஒம் பிள்ளைக்கு ஊரு ஒலகத்துல உள்ள எந்தப் பேரையும் வையி. இத வைக்காத. இது என் பேரு. இப்பம்தான் எனக்குத் திரும்பக் கெடச்சிருக்கு.”